கோடு மட்டும் போதும்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது தம்பி மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். விருதுநகரில் ஒரு மழலையர் பள்ளியில் எல்கேஜி பிள்ளைகளுக்கு டீச்சர் அவள். தாளில் ஒரு பொங்கல் பானை. பானையின் வயிற்றில் வெயில் பட்ட பித்தளை மாதிரி ஒரு மினுமினுப்பு. இடது பக்கம் கருமை கூடிக்கொண்டே போய் நிழலாக முடிகிறது. அடியில் ஒரு கோலம், அதில் எத்தனை இழை என்று எண்ணவே முடியாது. கரும்பின் ஒவ்வொரு கணுவிலும் மெல்லிய கீற்றுகள். சுவரில் மாட்டிவைக்கலாம் போன்ற படம்.

“நல்லாத்தானேம்மா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. ஆனா இருபது பிள்ளைகளுக்குக் குடுத்தேன். ஒருத்தன் தாளைத் திருப்பிக் கொண்டாந்து, ‘மிஸ், இதுல யாரோ ஏற்கெனவே கலர் அடிச்சிட்டாங்க மிஸ்’ங்கிறான்.”

அந்தப் பையன் சொன்னதில் தப்பே இல்லை. சாம்பல் நிறமும் ஒரு நிறம்தான். அது ஏறிய இடத்தில் அவன் மஞ்சள் கிரேயானைத் தேய்த்தால் அழுக்கு மஞ்சள்தான் வரும். கோல இழைகளுக்கு நடுவே அவன் கிரேயான் முனை நுழையவே நுழையாது. அவனுக்கு அங்கே வேலையே இல்லை.

படத்தை யார் வரைந்தது என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏஐ படக் கருவி ஒன்றில் எழுதிக் கேட்டதாகச் சொன்னாள். “ஷேடிங் வேண்டாம்னு எழுதித்தான் பெரியப்பா கேட்டேன்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் நெகட்டிவ் திருத்துகிற மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். எங்கள் காலத்தில் கலரிங் புத்தகத்துக்கு ஷேடிங் வேண்டாம் என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையே வந்ததில்லை. ஷேடிங் போட்டாலும் அது தாளுக்கு வந்து சேராது.

ஸ்டென்சில் காலம்

எனக்குத் தெரிந்த முதல் கலரிங் தாள் சைக்ளோஸ்டைலில் வந்தது. அந்தப் பெயரே 1881-இல் டேவிட் கெஸ்டெட்னர் செய்த ஒரு பேனாவின் பெயர். அதன் முனையில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். மெழுகுத் தாளில் அதை உருட்டிக்கொண்டே போனால் கோடு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியாக மை இறங்கும். பிற்பாடு பேனாவின் பெயர் மெஷினுக்கே ஆகிவிட்டது.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது எங்கள் சார் படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் ஸ்டென்சில் தாளை வைத்து, கூர் மழுங்கிய எழுத்தாணியால் கீறுவார். நீல நிறத்தில் வழவழவென்று இருக்கும் அந்தத் தாள். கீறிய இடத்தில் மட்டும் மெழுகு விலகி உள்ளே இருக்கும் நார்த்தாள் தெரியும். பிறகு அதை எடுத்துக்கொண்டு பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஆபீசுக்குப் போவார். அங்கே உருளையில் மாட்டிச் சுற்றினால் ஒரு ஸ்டென்சிலுக்குச் சில நூறு தாள் வரும்.

அந்தத் தாளில் கோடு போடலாம், கருப்பை நிரப்ப முடியாது. மாட்டின் கொம்பைக் கருப்பாகக் காட்டலாம் என்று அதே இடத்தில் பத்துத் தடவை கீறினால் தாள் கிழிந்துவிடும். கிழியாமல் தப்பினாலும் மை கொட்டிக்கொண்டு வந்து, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். சாம்பல் நிறத்துக்கோ வழியே இல்லை. ஓட்டை இருந்தால் மை இறங்கும், இல்லாவிட்டால் இறங்காது. அரை ஓட்டை என்று ஒன்று கிடையாது.

அதைவிட ஒரு விசித்திரம் உண்டு. இன்றைக்கு எல்லோரும் மூடிய வடிவம் வேண்டும் என்று கேட்கிறார்களே, அந்தக் காலத்தில் வடிவத்தை மூடுவதுதான் ஆபத்து. மாட்டின் கண்ணுக்கு ஒரு சின்ன வட்டத்தை அழுத்திக் கீறி முழுக்கச் சுற்றி முடித்தால் நடுவில் இருக்கிற துண்டு பிடிமானம் இல்லாமல் கழன்று விழுந்துவிடும். அச்சில் கண்ணுக்குப் பதிலாக ஒரு மைக்குட்டை நிற்கும். டைப் அடிக்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான். ஆங்கில ‘ஓ’ எழுத்தைக் கொஞ்சம் ஓங்கித் தட்டினால் போதும், உள்வட்டம் பிய்ந்து போகும். சார் அதனால் சின்ன வட்டங்களை ஒரே வீச்சில் சுற்றமாட்டார். மேலே ஒரு மயிரிழை, கீழே ஒரு மயிரிழை விட்டுவிட்டு இரண்டு பிறை போலக் கீறுவார். நாங்கள் யாரும் அந்த இடைவெளியைக் கவனித்ததே இல்லை. கண் அதைத் தானாக மூடிக்கொண்டது. இந்தச் சங்கதி பின்னால் ஒரு இடத்தில் எனக்குத் தேவைப்படப்போகிறது.

லித் ஃபிலிம் காலம்

1980-களில் நான் அச்சகத்துக்கு வந்தபோது ஸ்டென்சிலின் கெடுபிடி போய்விட்டது, வேறு கெடுபிடி வந்திருந்தது. கலரிங் புத்தகம் என்பது அச்சகத்துக்கு மலிவான சரக்கு. அட்டை மட்டும் நாலு கலர். உள்ளே முழுக்க மேப்லித்தோ தாளில் கருப்பு ஒரே கலர். புகைப்படத்தையோ நிழல் விட்ட படத்தையோ அச்சிட வேண்டும் என்றால் அதைப் புள்ளிகளாக உடைக்கும் ஸ்கிரீனைப் போட்டுப் படம் பிடிக்கவேண்டும். அது தனி வேலை, தனிக் காசு. வெறும் கோட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். நிறமில்லாத படத்தை விற்று, நிறத்தைக் குழந்தையின் கையில் விட்டுவிடுகிற இந்த வியாபாரம் ரொம்பப் பழையது. நியூயார்க்கில் மெக்லாக்லின் பிரதர்ஸ் என்ற பதிப்பகம் கேட் கிரீனவே பாணிப் படங்களை வைத்து 1880-ஐ ஒட்டி இப்படி ஒரு புத்தகம் போட்டது. அது வாட்டர் கலருக்கானது. 1903-இல் கிரேயோலா எட்டு மெழுகுக் குச்சிகளை ஒரு பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்த பிறகு, தூரிகை பிடிக்கத் தெரியாத பிள்ளையும் கலர் அடிக்கலாம் என்று ஆயிற்று. பிரஷ் முனையை விடக் குச்சி தடி, அதன் குறுக்களவு சுமார் எட்டு மில்லிமீட்டர். படத்தில் இடமும் அதற்கேற்றபடி பெரிதாக வேண்டியிருந்தது.

எங்கள் அச்சகத்தில் படம் போடுகிற ஆர்ட்டிஸ்ட் முதலில் வெளிர்நீலப் பென்சிலால்தான் வரைவார். அந்த நீலம் ஃபிலிமுக்குத் தெரியாது, அதனால் அழிக்கவேண்டிய வேலை மிச்சம். அதன் மேல் இண்டியன் இங்கில் கோடு. அச்சில் வரவேண்டிய அளவைப்போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவார். கேமராவில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கும்போது கை நடுக்கமும் சேர்ந்து சுருங்கும். மூன்று மில்லிமீட்டர் கோடு இரண்டு மில்லிமீட்டராக, விளிம்பு இறுகி வந்து நிற்கும்.

கேமராவில் போடுவது லித் ஃபிலிம். அதன் குணம் பிடிவாதம். வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே எதையும் அது ஏற்காது. ஆர்ட்டிஸ்ட் ஆசைப்பட்டுப் பானைக்கு மெல்லிசாக ஒரு வாஷ் கொடுத்திருந்தால், ஒன்று அது காணாமலே போகும், அல்லது அட்டைக் கருப்பாக வந்து விழும். ஒருமுறை அடிபட்ட ஆர்ட்டிஸ்ட் மறுமுறை வாஷ் பக்கம் போகமாட்டார்.

டார்க் ரூமின் சிவப்பு விளக்கிலிருந்து ஃபிலிம் வெளியே வந்ததும் என் மேசைக்கு வரும். அடியில் ட்யூப் லைட் எரியும் கண்ணாடி மேசை அது. நெகட்டிவ் என்பதால் எல்லாம் தலைகீழ்: கோடு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், மற்ற இடமெல்லாம் கருப்பு. தூசி விழுந்த இடங்களில் ஊசி முனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரியும். விட்டால் அச்சில் கருப்புப் புள்ளியாக வரும். சின்ன பிரஷ்ஷால் ஒப்பேக் மையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றையும் அடைக்கவேண்டும். கோடு எங்கேயாவது அறுந்திருந்தால் அந்த இடத்தில் கருப்பு ஒரு பாலம் மாதிரிக் குறுக்கே நிற்கும். பிளேடு முனையால் அந்தப் பாலத்தைச் சுரண்டிவிட்டால் கோடு ஒட்டிக்கொள்ளும். ஆக, மூடிய வடிவம் என்பது எங்களுக்குப் பிளேடு முனையில் இருந்தது. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும்.

சொல்லைப் போட்டுப் படம் எடுப்பது

இனி இன்றைக்கு வருவோம். தம்பி மகள் முதலில் எழுதிய ப்ராம்ப்ட் இது:

```
Pongal festival coloring page for kids, beautiful pot
with sugarcane and kolam, detailed, no shading
```

பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இதில் மூன்று சொற்கள் அவளுக்கு எதிராக வேலை பார்த்திருக்கின்றன.

ஒன்று, `detailed`. ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் இன்னும் பத்து வடிவங்களைப் போடு என்று கேட்பதற்கு அது சமம். பெரியவர்களுக்கான கலரிங் புத்தகங்கள் 2013-இல் ஜோஹன்னா பாஸ்ஃபோர்டின் ‘சீக்ரெட் கார்டன்’ வந்த பிறகு உலகம் பூராவும் பரவின. இழை இழையாகப் பின்னிய இலைகள், மண்டலங்கள். கலரிங் பக்கம் என்றதும் அந்த மாதிரிப் படமும் இந்தக் கருவிகளின் நினைவில் சேர்ந்தே எழும். வயதைச் சொல்லாவிட்டால், நாலு வயசுப் பிள்ளைக்கா நாற்பது வயசுக்காரிக்கா என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது, `kolam`. அதைச் சொன்னால் பின்னல்தான் வரும். புள்ளிக் கோலத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு மூடிய வடிவம், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கடுகு அளவு.

மூன்றாவதுதான் விவகாரமானது: `no shading`. வேண்டாம் என்று சொன்னது எப்படி வேண்டும் என்று ஆயிற்று என்பதுதான் அவளுடைய ஆற்றாமை. இந்தக் கருவிகள் கற்றுக்கொண்டது படங்களோடு ஒட்டியிருந்த விவரச் சொற்களிலிருந்து. ஒரு படத்துக்குக் கீழே அதில் என்ன இருக்கிறது என்றுதான் மனிதர்கள் எழுதுவார்கள். என்ன இல்லை என்று எழுதுகிறவர்கள் அபூர்வம். மாட்டுப் படத்துக்குக் கீழே ‘இதில் யானை இல்லை’ என்று யார் எழுதப்போகிறார்கள்? அதனால் ‘ஷேடிங்’ என்ற சொல்லுக்கு இருக்கிற இழுப்பு ‘இல்லை’ என்ற சொல்லுக்கு இல்லை. புதிய கருவிகள் சில இதை முன்னைவிட நன்றாகப் புரிந்துகொள்கின்றன. ஆனாலும் நம்பி இருபது தாள் பிரிண்ட் போடுகிற அளவுக்கு இல்லை.

வேண்டாததைச் சொல்வதற்கென்று தனி இடம் வைத்திருக்கும் கருவிகள் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நெகட்டிவ் ப்ராம்ப்ட் என்று ஒரு கட்டம். மிட்ஜர்னியில் கடைசியில் `--no` என்று போட்டு எழுதுவது. அந்தக் கட்டத்துக்குள் ‘இல்லை’ என்ற சொல் வராது, வேண்டாத பொருளின் பெயர் மட்டும்தான். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் அதன் வேலை இப்படி: இரைச்சலிலிருந்து படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் ஒவ்வொரு படியிலும் கருவி இரண்டு விதமாகக் கணிக்கிறது. நாம் கேட்டதற்கு ஏற்ப ஒன்று, வேண்டாம் என்றதற்கு ஏற்ப ஒன்று. பிறகு இரண்டாவதிலிருந்து விலகி முதலாவதன் பக்கம் நகர்கிறது. அங்கே `shading` என்று எழுதினால் அது உண்மையிலேயே தள்ளுகிற விசையாக மாறுகிறது. ப்ராம்ப்டுக்குள்ளேயே `no shading` என்று எழுதினால் சில சமயம் அதுவே இழுக்கிற விசை.

எண்ணிக் கேட்பது

நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினோம். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் ஆர்ட்டிஸ்டுக்கு வேலை சொல்லிப் பழக்கம் உண்டு. அழகான பானை என்று ஆர்ட்டிஸ்டிடம் சொன்னால் அவர் இஷ்டத்துக்குப் போடுவார். விளிம்பு ஒன்று, வயிறு ஒன்று, வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால்தான் நம் கைக்குள் நிற்பார்.

முதலில் தாளை அளந்தோம். ஏ4 தாளில் ஓரம் போக 18 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம் படத்துக்குக் கிடைக்கும். அதாவது 468 சதுர செ.மீ. பாதி வெற்றிடமாகப் போகும். மீதி இடத்தில் நாலு வயசுப் பிள்ளை அடிக்கிற மாதிரி எத்தனை வடிவம் வைக்கலாம்? எட்டு மில்லிமீட்டர் குச்சி உள்ளே போய், கை திரும்ப இடம் வேண்டும் என்றால் எந்த வடிவமும் இரண்டு செ.மீ.க்குக் கீழே குறுகக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். ஏறக்குறைய ஒரு ரூபாய் காசு அகலம். இருபது வடிவத்தை ஒட்டி நிறுத்தினால் சராசரியாக ஒவ்வொன்றுக்கும் மூன்று செ.மீ. சதுரத்துக்கு மேல் இடம் கிடைக்கும். சரி, அந்த இருபதையும் பெயர் சொல்லியே கேட்டுவிடலாம் என்று எழுதினோம்:

```
Simple coloring page for a 4 year old.
One big round clay pot with a plain rim, in the centre.
Rice boiling over the rim as three large puffy bumps.
One sugarcane on each side, three big segments,
two wide leaves on top.
Half sun behind the pot with five wide rays.
Thick uniform black outlines, every shape closed,
pure white inside every shape, pure white background.
```

எண்ணிப் பாருங்கள். பானையும் விளிம்பும் இரண்டு, பொங்கி வழியும் சோறு மூன்று, இரண்டு கரும்புக்கும் சேர்த்துப் பத்து, சூரியனும் கதிர்களும் ஆறு. ஆக இருபத்தொன்று. ‘ஷேடிங்’ என்ற சொல் இதில் எங்கும் கிடையாது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வடிவத்தின் உள்ளும் வெள்ளை என்று இருக்கவேண்டியதை மட்டும் சொல்லியிருக்கிறோம். வேண்டாதவை நெகட்டிவ் கட்டத்தில் தனியாக:

```
shading, grayscale, gradient, hatching, texture, pattern
```

நாலு படம் வந்தது. ஒன்றில் கரும்புக்கு மூங்கில் இலை. இன்னொன்றில் கரும்பின் தலையில் சோளக்கதிர். அந்த இரண்டும் கழிந்தன. மூன்றாவதில் சூரியனுக்கு ஐந்து கதிர் கேட்டால் பதினொன்று இருந்தது, அதனால் ஒவ்வொன்றும் ஒல்லிக்குச்சி. நாலாவதில் கரும்பு கரும்பாகவே இருந்தது, கதிர் ஆறு. ஒன்று கூடினால் பரவாயில்லை என்று அதை எடுத்துக்கொண்டோம். நம் ஊர்ச் சாமான்களைக் கேட்கும்போது இந்தக் கருவிகள் தடுமாறுவது சகஜம். கோயில் கோபுரம் கேட்டால் சீனத்து அடுக்கு மாளிகை சாயலில் வரும், ஆட்டோ கேட்டால் நாலு சக்கரம் முளைக்கும். பொருளின் பெயரை மட்டும் சொல்லாமல் அதன் உருவத்தைச் சொல்லவேண்டும். கரும்பு என்பதோடு நிறுத்தாமல் மூன்று கணுவிடை, தலையில் இரண்டு அகல இலை என்று சொன்னதால்தான் ஒன்றாவது தேறியது.

மறுபடி ஒரு லித் ஃபிலிம்

திரையில் அந்தப் படம் சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் என் பழைய தொழில் கண் திரையை நம்பவில்லை. பெயிண்ட் மென்பொருளில் திறந்து, சொட்டுக் குழாய் போலிருக்குமே நிறத்தை எடுத்துக் காட்டும் கருவி, அதை மூலையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சுத்த வெள்ளை என்றால் 255, 255, 255 என்று காட்டவேண்டும். 249, 248, 246 என்று காட்டியது. கண்ணுக்கு அது வெள்ளை. பிரிண்டருக்கு அது மிக லேசான சாம்பல், தாள் முழுக்கத் தூசி தூவின மாதிரி புள்ளி போட்டுவிடும். பானை வயிற்றிலும் ஓரமாக ஒரு புகைச்சல் இருந்தது.

அடுத்தது அளவு. படத்தின் அகலம் 1024 பிக்சல். அதை 18 செ.மீ.க்கு விரித்தால் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 144 பிக்சல்தான் விழும். கோட்டின் விளிம்பு படிக்கட்டு மாதிரித் தெரியும். இந்த இடத்தில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் தலைகீழாகப் போகிறது. நாங்கள் பெரிதாக வரைந்து சுருக்கினோம், பிழையும் சேர்ந்து சுருங்கியது. இன்று சின்னதாகப் பிறக்கிற படத்தை ஊதிப் பெரிதாக்குகிறார்கள். பிழையும் சேர்ந்து ஊதுகிறது.

இரண்டுக்கும் சேர்த்து அவளுடைய கூட்டுக்காரப் பையன் ஒருவன் இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் ஒரு வரி எழுதிக் கொடுத்தான்:

```
magick pongal.png -colorspace Gray -resize 300% -threshold 60% pongal-bw.png
```

இதை எனக்கு விளக்கியபோது பழைய ஆளைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது. முதலில் படத்தைச் சாம்பல் அளவுகளாக மாற்றுகிறது. பிறகு மூன்று மடங்கு பெரிதாக்குகிறது. கடைசியில் வெளிச்சம் அறுபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் வெள்ளை, அதற்குக் கீழே என்றால் கருப்பு, நடுவில் ஒன்றும் கிடையாது என்று வெட்டிவிடுகிறது. இது அப்படியே லித் ஃபிலிம். வரிசையும் முக்கியம். சாம்பல் இருக்கும்போதே பெரிதாக்கினால் விளிம்பு வழுவழுப்பாக விரியும், அதன் பிறகு வெட்டினால் கோடு இறுகி நிற்கும். முதலில் வெட்டிவிட்டுப் பெரிதாக்கினால் படிக்கட்டுகளும் சேர்ந்து பெரிதாகும்.

லித் ஃபிலிமுக்கு இருந்த அதே குறையும் இதற்கு உண்டு. பானை ஓரத்துப் புகைச்சல் வெளிர்சாம்பல் என்பதால் மறைந்துவிட்டது. அவளுடைய முதல் படத்தில் இதையே போட்டுப் பார்த்தோம். அடர்ந்த நிழல் முழுக்க அட்டைக் கருப்பாகி, பானை பாதி உடைந்த சட்டி மாதிரி ஆகிவிட்டது. ஆகவே இந்த ஒரு வரி தூசி தட்டத்தான் உதவும், நிழல் போட்ட படத்தை மீட்டுத் தராது. நிழல் அடர்த்தியாக வந்துவிட்டால் திரும்ப எழுதிக் கேட்பதுதான் சுருக்கமான வழி.

கடைசிச் சோதனை, வடிவம் மூடியிருக்கிறதா என்பது. பெயிண்டில் வாளி மாதிரி ஒரு கருவி இருக்கிறது. ஒரு வடிவத்துக்குள் தொட்டால் அந்த வடிவம் முழுக்க நிறம் நிரம்பும். பானையில் ஊற்றினாள், நின்றது. சூரியன் நின்றது. இடது கரும்பின் நடுக் கணுவிடையில் ஊற்றினாள், தாள் முழுக்கப் பச்சை வெள்ளம். பெரிதாக்கித் தேடினால் கணு ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு வாய். படம் போட்ட ஏஐ கருவிக்குக் கோடு என்பது ஓரிடத்தில் தொடங்கி வளைந்து திரும்பி வந்து சேருகிற ஒரு பொருள் அல்ல. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கருப்பாக இருந்தால் அது கோடு போலத் தெரிகிறது, அவ்வளவுதான். கை வளைத்து வரைகிற ஆர்ட்டிஸ்டுக்குத் தொடங்கிய இடம் ஞாபகத்தில் இருக்கும். இதற்கு அந்த ஞாபகம் கிடையாது. `every shape closed` என்று எழுதினால் வாய் குறையும், இல்லாமல் போய்விடாது.

பென்சில் கருவியை எடுத்துக் கருப்பில் ஒரு தொடு தொடச் சொன்னேன். ஒட்டிக்கொண்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் பிளேடு முனையால் செய்தது இதைத்தான்.

அந்த ஒரு மில்லிமீட்டர்

இதில் ஒரு கூத்து நடந்தது. அவசரத்தில் அவள் வகுப்புக்குப் பிரிண்ட் எடுத்தது ஒட்டுப் போடாத முந்தைய பிரதி. சாயங்காலம் போன் செய்தாள்.

“பெரியப்பா, அந்தக் கரும்பு வாய் தொறந்ததையே குடுத்துட்டேன். ஒரு பிள்ளையும் கண்டுபிடிக்கலை. எல்லாரும் அடிச்சு முடிச்சிட்டாங்க.”

கண்டுபிடிக்க மாட்டார்கள்தான். சார் இரண்டு பிறையாகக் கீறிய மாட்டுக் கண்ணை நாங்கள் கண்டுபிடித்தோமா? கிரேயானுக்கு ஒரு மில்லிமீட்டர் வாய் ஒரு பொருட்டே இல்லை. குச்சியின் முனையே அதைவிடப் பல மடங்கு தடி. பிள்ளைகள் எப்படியும் கோட்டைத் தாண்டித்தான் அடிக்கிறார்கள். தாளில் கலர் அடிக்கிற பிள்ளைக்கு உண்மையில் வேண்டியது இடம் பெரிதாக இருப்பதும், உள்ளே வெள்ளையாக இருப்பதும்தான்.

ஆனால் அதே படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தாள். ஒரு வீட்டில் அதைப் போனிலேயே கலரிங் ஆப்பில் ஏற்றி, குழந்தை கரும்பைத் தொட்டதும் வானம் பூமியெல்லாம் பச்சையாகி, குழந்தை அழுது, அம்மா மெசேஜ் அனுப்பிவிட்டார். விரலால் தொட்டு நிரப்புகிற திரைக்கு அந்த ஒரு மில்லிமீட்டர்தான் எல்லாம். கோடு கனமாக இருக்கிறதா, வடிவம் பெரிதா என்பதெல்லாம் அங்கே இரண்டாம் பட்சம். ஒரே கேள்வியில் பெரிய மூடிய வடிவம் என்று சேர்த்தே எழுதுகிறோம், ஆனால் ‘பெரிய’ என்பது தாளில் இருக்கும் கைக்கு, ‘மூடிய’ என்பது திரையில் இருக்கும் விரலுக்கு. இதை ஸ்டென்சிலில் வட்டம் சுற்றத் தயங்கிய எங்கள் சாரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

எதை இழந்தோம், எதைப் பெற்றோம் என்று கணக்குப் போட எனக்கு ஆசை இல்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். எங்கள் காலத்துக் கலரிங் புத்தகத்தில் ஆப்பிள் இருக்கும், பனிமனிதன் இருப்பான், பொங்கல் பானை அபூர்வம். ஒரு பிளாக் செய்தால், ஒரு பிளேட் போட்டால், ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும் என்பதால் எல்லா ஊருக்கும் ஒரே ஆப்பிள். இன்று ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகளுக்காக ஒரு பானை பிறக்கிறது. அதற்குச் செலவு காசு அல்ல, எண்ணுகிற பொறுமை. ஆர்ட்டிஸ்ட், கேமராமேன், நெகட்டிவ் மேசையில் நான் என்று மூன்று பேர் பிரித்துச் செய்த காவலை இப்போது டீச்சர் ஒருத்தி செய்யவேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தக் காவலில் பாதியைத் தாளும் ஃபிலிமுமே பார்த்துக்கொண்டன. இன்றைய கருவியால் எதையும் வரைய முடியும் என்பதால் அது தானாக எதையும் மறுப்பதில்லை.

முதலில் தாளைத் திருப்பிக் கொடுத்தானே, அந்தப் பையன் அன்றைக்குப் பானைக்கு நீலம் அடித்திருந்தான். விளிம்புக்கும் நீலம். கரும்பில் ஒரு கணுவிடை மட்டும் சிவப்பு. தாளைக் கொடுக்கும்போது, “மிஸ், அடுத்து ஆட்டோ வேணும் மிஸ். எங்கப்பா ஓட்டுறது” என்று கேட்டானாம்.

“எழுதிட்டு இருக்கேன் பெரியப்பா” என்றாள்.

“சக்கரம் மூணுன்னு எண்ணி எழுதும்மா. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு.”